வட்டத்தை விரித்தால் முகம் தெரியுமா?

சீலிங்கில் ஃபிஷ்ஐ கேமரா மாட்டிய கடைக்காரர் முதல்முறை திரையைப் பார்க்கும்போது கொஞ்சம் திகைத்துத்தான் போவார். கறுப்புச் சதுரத்துக்குள் ஒரு வட்டம். நடுவில் கடையின் தரை. சுற்றிலும் ரேக்குகள் எல்லாம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, வில்லாக வளைந்து நிற்கும். வட்டத்தின் மேல்பாதியில் இருப்பவர் நேராக நிற்பார். கீழ்பாதியில் இருப்பவர் தலைகீழாக நடப்பார். யாராக இருந்தாலும் கால் வட்டத்தின் மையத்தைப் பார்த்திருக்கும், தலை விளிம்பைப் பார்த்திருக்கும்.

மாட்ட வந்தவர் மவுஸை எடுத்து இரண்டு மூன்று இடத்தில் சொடுக்குவார். வட்டம் மறைந்து, திரையில் நான்கு கட்டங்கள் வரும். கல்லா ஒன்றில், வாசல் ஒன்றில், பின்பக்க ரேக் ஒன்றில், எண்ணெய் அடுக்கு ஒன்றில். எல்லாம் நிமிர்ந்து, சாதாரண கேமராப் படம் போலவே. “ஒரு கேமரா, நாலு கேமரா வேலை” என்பார். வளைந்த வட்டத்தைக் கணக்குப் போட்டு நேராக்கும் இந்த வேலைக்குப் பெயர்தான் டீவார்ப்பிங்.

கணக்கு உண்மையானது. படம் நிஜமாகவே நேராகிறது. ஆனால் நேராவதும் தெளிவாவதும் ஒன்றல்ல. ஃபிஷ்ஐ கேமராவை வாங்கியவர்கள் பின்னால் வருத்தப்படுவதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டதால்தான்.

இந்த ஃபிஷ்ஐ பார்வைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. தண்ணீருக்குள் இருக்கும் மீன் மேலே பார்த்தால், வெளியுலகம் முழுவதும் சுமார் 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். நீரில் நுழையும் ஒளி வளைவதால் வரும் விளைவு அது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1906-ல் தண்ணீர் நிரப்பிய ஒரு வாளியையே கேமராவாக்கி, மீன் பார்ப்பதைப் படமாக எடுத்துக் காட்டினார். 1920-களில் இங்கிலாந்தில் ராபின் ஹில் வானம் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்கும் லென்ஸ் ஒன்றை மேகங்களை ஆராய்வதற்காக வடிவமைத்தார். வட்டத்தை உடனுக்குடன் நேராக்கி, கேமராவை அசைக்காமலே திருப்பிப் பார்க்கும் யோசனை வந்தது கணினிகள் வேகம் பிடித்த பிறகு; அமெரிக்காவில் டென்னசியைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 1993-ல் அதற்கான காப்புரிமையைப் பெற்றது. வானத்தைப் பார்த்த லென்ஸைக் கவிழ்த்து சீலிங்கில் மாட்டினால், மேகம் இருந்த இடத்தில் கடை வந்துவிடுகிறது.

சரி, 12 மெகாபிக்சல் கேமரா என்று பெட்டியில் போட்டிருக்கிறது. கடைக்காரருக்கு அதில் எவ்வளவு கிடைக்கிறது?

இந்த வகைக் கேமராக்களின் சென்சார் பொதுவாக 4000-க்கு 3000 பிக்சல். அதற்குள் முழு வட்டம் அடங்க வேண்டுமானால் வட்டத்தின் விட்டம் 3000 பிக்சலைத் தாண்ட முடியாது. அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 70 லட்சம் பிக்சல். மீதி 50 லட்சம் பிக்சல்கள் வெறும் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அதாவது 12 மெகாபிக்சலில் கைக்கு வருவது 7. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, செவ்வகத்துக்குள் வட்டம் வரைந்தால் அப்படித்தான். ஆனால் வாங்கும்போது இதைச் சொல்கிறவர்கள் குறைவு. அதனால்தான் சில லென்ஸ்கள் வட்டத்தை வேண்டுமென்றே நீள்வட்டமாக இழுத்து, வீணாகும் இடத்தையும் பயன்படுத்திக்கொள்கின்றன. கனடாவில் வடிவமைக்கப்பட்ட பேனோமார்ஃப் லென்ஸ் அந்த வகை.

இனி ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், தரையிலிருந்து 3 மீட்டரில் ஃபால்ஸ் சீலிங். குறுகிய பக்கத்தில் வாசல். கேமரா கடையின் நட்டநடுவில். வாசல் அங்கிருந்து 6 மீட்டர் தூரம். லென்ஸ் 180 டிகிரி பார்க்கிறது. மையத்திலிருந்து விளிம்பு வரை 1500 பிக்சலுக்குள் 90 டிகிரி. ஒரு டிகிரிக்கு 16 அல்லது 17 பிக்சல்.

ஆளின் முகம் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்தால், கேமராவுக்கு 1.4 மீட்டர் கீழே. மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரின் முக உயரத்தில், பக்கவாட்டில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 360 பிக்சல் விழுகிறது. ஐந்து மீட்டரில் அது 248. வாசலில், அதாவது ஆறு மீட்டரில், 213. முகத்தின் அகலம் சுமார் 16 சென்டிமீட்டர் என்றால், மூன்று மீட்டரில் அந்த முகத்துக்குக் கிடைப்பது 58 பிக்சல், வாசலில் 34.

கண்காணிப்புக் கேமராக்களுக்கான பன்னாட்டுத் தரநிலை ஒன்று இருக்கிறது, எண் 62676-4. தெரியாத ஒருவரை இவர்தான் என்று அடையாளம் காட்ட, மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்று அதன் 2014 பதிப்பு வகுத்தது. ஏற்கெனவே பழகிய ஒருவரைக் கண்டுகொள்ள 125 போதும். ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் தெரிய 25. இந்த அளவுகோலில் நம் கடையின் கேமரா காகிதத்தில் 5 மீட்டர் வரை அடையாளம் காட்டும், 11 மீட்டர் வரை பழகியவரைக் கண்டுகொள்ளும். விளம்பரத்தாளில் போடுவதற்கு நல்ல எண்கள்.

ஆனால் இது பக்கவாட்டுக் கணக்கு மட்டும். ஃபிஷ்ஐ வட்டத்தின் விளிம்பை நெருங்க நெருங்க, படம் சுற்றுவாக்கில் இழுபடும், ஆரவாக்கில் ஒடுங்கும். முகத்தின் நெற்றியிலிருந்து மோவாய் வரை அளந்தால் கிடைக்கும் பிக்சல் அகலத்தைவிடக் குறைவு. ஐந்து மீட்டரில் பக்கவாட்டில் 248 இருக்கும் இடத்தில், மேலும் கீழுமாக 177-தான். இரண்டு திசையிலும் 250 வேண்டும் என்று கேட்டால் எல்லை மூன்று மீட்டருக்குச் சற்று மேலே நின்றுவிடும். விளிம்பில் லென்ஸின் கூர்மையும் குறையும் என்பதைச் சேர்த்தால், மூன்று மீட்டர் என்பதுகூடத் தாராளம்.

அப்படியானால் கேமராவுக்கு அருகில் போனால் நல்லதா என்றால், அங்கே வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு மீட்டருக்கு 592 பிக்சல் கிடைக்கும். ஆனால் கேமரா அவரை 54 டிகிரி மேலேயிருந்து பார்க்கிறது. தெரிவது உச்சந்தலையும் மூக்கு நுனியும். தொப்பி போட்டிருந்தால் தொப்பி மட்டும். மூன்று மீட்டரில் இந்தக் கோணம் 25 டிகிரியாகக் குறையும், ஐந்து மீட்டரில் 16-க்கு வரும். முகம் நன்றாகத் திரும்பிவரும் இடத்தில் பிக்சல் தீர்ந்துபோகிறது; பிக்சல் நிறைய இருக்கும் இடத்தில் முகம் தெரிவதில்லை. சீலிங் ஃபிஷ்ஐ கேமராவின் எல்லா நன்மை தீமைகளும் இந்த இழுபறிக்குள் அடங்கிவிடுகின்றன. டீவார்ப்பிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதை மாற்ற முடியாது, ஏனென்றால் அது இல்லாத பிக்சலை உண்டாக்குவதில்லை.

ஒரு ஒப்பீடு சொன்னால் விளங்கும். வாசலுக்கு உள்ளே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, மூன்று மீட்டர் அகலம் மட்டும் தெரியும்படி ஒரு சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவை வைத்தால், 1920 பிக்சல் மூன்று மீட்டருக்குப் பங்காகி, மீட்டருக்கு 640 விழும். நடுவில் தொங்கும் 12 மெகாபிக்சல் ஃபிஷ்ஐ அதே வாசலுக்குத் தருவதைப் போல மூன்று மடங்கு.

டீவார்ப்பிங் உள்ளுக்குள் என்ன செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். வட்டத்தைப் பிடித்து இழுத்து நேராக்குவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். மென்பொருள் போவது எதிர்த்திசையில். முதலில் அது ஒரு வெற்றுச் செவ்வகத்தை எடுத்துக்கொள்கிறது. கடையின் நடுவில் ஒரு கற்பனைக் கேமராவை வைத்து, பயனர் திருப்பிய பக்கம் அதைத் திருப்புகிறது. பிறகு செவ்வகத்தின் ஒவ்வொரு புள்ளியையும் கேட்கிறது: இந்தப் புள்ளி கடையின் எந்தத் திசையைப் பார்க்கிறது? அந்தத் திசை கேமராவின் செங்குத்துக் கோட்டிலிருந்து எத்தனை டிகிரி விலகியது? அத்தனை டிகிரிக்கு லென்ஸ் வட்டத்தில் மையத்திலிருந்து எத்தனை பிக்சல் தள்ளி? அங்கே போய் நிறத்தை எடுத்துவந்து புள்ளியில் வைக்கிறது. சரியாக ஒரு பிக்சலின் மேல் விழாமல் நான்கு பிக்சல்களுக்கு நடுவில் விழுந்தால், நான்கையும் கலந்து ஒரு நிறம் செய்கிறது. விநாடிக்கு இருபது முப்பது தடவை, லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு இதே வேலை.

இதில் சறுக்கும் இடம் மூன்றாவது கேள்வி. எத்தனை டிகிரிக்கு எத்தனை பிக்சல் என்பது லென்ஸுக்கு லென்ஸ் மாறும். மிக எளிய வகையில் தூரமும் கோணமும் நேர்விகிதம்: r = f × θ. வேறொரு வகையில் r = 2f × sin(θ/2). இரண்டும் விளிம்பில் 90 டிகிரிக்குச் சரியாகப் பொருந்தினாலும் நடுவில் ஒத்துப்போகாது. இரண்டாம் வகை லென்ஸை முதல் வகை என்று நினைத்து மென்பொருள் விரித்தால், உண்மையில் 45 டிகிரியில் இருக்கும் பொருளை 48.7 டிகிரியில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். மூன்று மீட்டர் சீலிங்கில் இது தரையில் 40 சென்டிமீட்டர் பிழை. வெறுமனே பார்ப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் தரையில் கோடு போட்டு ஆள் எண்ணுகிறவர்களுக்கும், எந்த ரேக் முன்னால் கூட்டம் என்று வரைபடம் எடுக்கிறவர்களுக்கும் 40 சென்டிமீட்டர் என்பது ஒரு ஆளின் அகலம்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். டைல்ஸ் கோடு, கதவு நிலை, டியூப்லைட் சட்டம் என்று நேராக இருப்பது உறுதியான ஒன்றை விரித்த படத்தில் பார்க்க வேண்டும். நேராக வந்தால் லென்ஸ் விவரம் சரி. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வில்லாக வளைந்தால் மென்பொருளுக்கு லென்ஸ் தெரியவில்லை. ஒரு பக்கம் நேராகவும் எதிர்ப்பக்கம் வளைந்தும் வந்தால், வட்டத்தின் மையத்தைத் தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கேமராவை இன்னொரு நிறுவனத்தின் ரெக்கார்டரில் இணைக்கும்போதுதான் இது அதிகம் நடக்கும். வட்டம் அழகாக வந்து சேரும். விரிக்கும் பொத்தான் ஒன்று இல்லாமலே போகும், அல்லது வளைத்து விரிக்கும். வாங்குவதற்கு முன் அந்த ரெக்கார்டர் அந்தக் குறிப்பிட்ட மாடலை விரிக்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இனி எப்படியெல்லாம் பார்க்கலாம் என்பது. கோளத்தின் பரப்பை எங்கும் இழுக்காமல் தட்டையாக்க முடியாது என்பதை 1827-ல் கவுஸ் கணிதமாகவே நிரூபித்துவிட்டார். உலக வரைபடத்தில் கிரீன்லாந்து ஊதித் தெரிவதும் இங்கே ரேக் வளைவதும் ஒரே காரணத்தால்தான். ஆகவே ஒவ்வொரு பார்வை முறையும் எதையோ காப்பாற்றி, எதையோ விட்டுக்கொடுக்கிறது.

நான்கு கட்டப் பார்வை நேர்கோடுகளைக் காப்பாற்றுகிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு தனிக் கேமரா போல. மவுஸால் திருப்பலாம், பெரிதாக்கலாம். ஒரு கட்டத்தின் அகலத்தை 70, 80 டிகிரிக்குள் வைத்தால் இயல்பாக இருக்கும். பேராசைப்பட்டு 120 டிகிரிக்கு அகட்டினால் ஓரத்தில் நிற்பவர்கள் பருமனாகி, நடுவில் நிற்பவர்கள் குட்டியாகிவிடுவார்கள். நான்கு கட்டங்களுக்கும் நடுவே எதிலும் விழாத இடைவெளிகள் இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. கல்லாவில் உட்கார்ந்து நேரடியாகப் பார்க்கிறவருக்கு இதுதான் வசதி.

இரட்டைப் பட்டைப் பார்வை எதையும் விடுவதில்லை. 360 டிகிரியையும் இரண்டாக வெட்டி, மேலே 180, கீழே 180 என்று இரண்டு நீளப் பட்டைகளாகப் போடும். ஆட்கள் எல்லாரும் நிமிர்ந்து நிற்பார்கள், தூண்கள் செங்குத்தாக இருக்கும். பதிலாக, நேரான ரேக் வரிசை அலையாக வளையும். கேமராவுக்கு நேர்க்கீழே இருப்பது பட்டையின் அடியில் இழுபட்டுச் சிதையும், அல்லது வெட்டுப்பட்டுப் போகும். மேல்பட்டையின் வலது ஓரத்தில் மறைந்த ஆள் கீழ்ப்பட்டையின் இடது ஓரத்தில் தோன்றுவார். புதிதாகப் பார்க்கிறவர் இதை இரண்டு ஆள் என்று எண்ணிவிடுவது சகஜம். வெட்டு விழும் இடத்தை நகர்த்தும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது; வாசலின் மேலும் கல்லாவின் மேலும் வெட்டு விழாமல் முதல் நாளே திருப்பிவைக்க வேண்டும்.

விரிக்காத வட்டத்தை யாரும் மதிப்பதில்லை. ஆனால் ஒரு ஆள் வாசலில் நுழைந்து, எந்த வழியாகப் போய், எங்கே நின்று, யாருடன் பேசி, எப்படி வெளியே போனார் என்பதைத் தொடர்ந்து பார்க்க வட்டத்தைவிடச் சிறந்தது எதுவுமில்லை. வெட்டு இல்லை, இடைவெளி இல்லை, ஒரு கேமராவிலிருந்து இன்னொரு கேமராவுக்குத் தாவும் குழப்பம் இல்லை. நேர்க்கீழே இருக்கும் பகுதியையும் அது சிதைக்காமல் காட்டும். தலைகீழாக நடப்பவரைப் பார்க்கக் கண் பழகச் சற்று நேரம் ஆகும், அவ்வளவுதான்.

பார்க்கும் முறையைவிட முக்கியமான முடிவு ஒன்று உண்டு. எதைப் பதிவு செய்வது?

விரிக்கும் வேலையைக் கேமராவுக்குள்ளேயே செய்ய வைக்கலாம். நான்கு கட்டங்களாக ஆக்கி அனுப்பிவிடும். சாதாரண ரெக்கார்டரே போதும், கணினிக்குப் பளு இல்லை. ஆனால் ரெக்கார்டரில் சேர்வது அந்த நான்கு கட்டங்கள் மட்டுமே. அடுத்த மாதம் ஏதோ நடந்து, ஐந்தாவது மூலையைப் பார்க்க வேண்டும் என்றால் அது பதிவிலேயே இருக்காது. வட்டத்தை அப்படியே பதிவு செய்தால், ஒரு மாதம் கழித்தும் அந்த மூலைக்குத் திருப்பி, பெரிதாக்கி, விரித்துப் பார்க்கலாம். மோட்டார் வைத்துச் சுழலும் கேமராவால்கூட முடியாத காரியம் இது. அது அந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ அதுதான் பதிவில் இருக்கும். ஃபிஷ்ஐ கேமராவுக்குக் காசு கொடுப்பதே இந்த ஒரு காரணத்துக்காகத்தான் என்று சொல்லலாம். அதை விட்டுவிட்டு நான்கு கட்டத்தை மட்டும் பதிவு செய்கிற கடைகளைப் பார்த்தால் மனம் பொறுக்காது.

வட்டத்தைப் பதிவு செய்ய இடம் வேண்டும். விநாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் நாளொன்றுக்கு 86 ஜி.பி., முப்பது நாளுக்கு 2.6 டி.பி. ஹார்டு டிஸ்க்கை மிச்சம் பிடிக்க இந்த அளவைக் குறைப்பவர்கள் உண்டு. சாதாரண கேமராவில் அது ஓரளவு தாங்கும். இங்கே தாங்காது, ஏனென்றால் விளிம்பில் ஒடுங்கிக் கிடக்கும் முகத்தைத்தான் பின்னால் இழுத்துப் பெரிதாக்கப் போகிறோம். சுருக்கும்போது உண்டான கட்டம் கட்டமான கறைகளும் சேர்ந்தே பெரிதாகும்.

பதிவு செய்த வட்டத்தைக் காவல் நிலையத்துக்கோ வேறு யாருக்கோ கொடுக்கும்போது, அவர்களிடம் விரிக்கும் மென்பொருள் இருக்காது. இலவசமாகக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியால் தேவையான பக்கத்தை மட்டும் விரித்துத் தனிப் படமாக எடுத்துவிடலாம்:

```
ffmpeg -i kadai.mp4 -vf "crop=3000:3000,v360=input=fisheye:output=flat:ih_fov=180:iv_fov=180:pitch=55:h_fov=75:v_fov=60:w=1280:h=960" vaasal.mp4
```

முதலில் 4000-க்கு 3000 படத்திலிருந்து வட்டம் இருக்கும் நடுச்சதுரத்தை வெட்டுகிறது. பிறகு செங்குத்துக் கோட்டிலிருந்து 55 டிகிரி சாய்த்து, வட்டத்தின் மேல்பக்கத்தை நோக்கி, 75 டிகிரி அகலத்தில் விரிக்கிறது. எதிர்ப்பக்கம் தெரிந்தால் `pitch` எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். இடமோ வலமோ வேண்டுமானால் `crop`-க்கு அடுத்து `rotate=PI/2` என்று சேர்த்து வட்டத்தையே சுழற்றிக்கொள்ளலாம். அகலம் 1280 என்பதற்குக் காரணம் இருக்கிறது: 75 டிகிரிக்குள் மூலப் படத்தில் இருப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். 3840 என்று போட்டால் கோப்பு பெரிதாகும், முகம் தெளியாது. விரித்ததோடு மூல வட்டப் பதிவையும் சேர்த்துக் கொடுப்பதுதான் முறை, விரித்தது ஒரு கணக்கின் விளைவு என்பதால்.

மாட்டும் இடத்துக்கு வருவோம். உயரம் இரண்டரை மீட்டரிலிருந்து மூன்றரை வரை நன்றாக வேலை செய்யும். ஐந்து மீட்டர் உயரக் கிடங்கில் மாட்டினால், மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரைக்கூட 49 டிகிரி மேலேயிருந்து பார்க்கிறது; தலைகள்தான் தெரியும். அங்கே குழாய் விட்டுக் கீழே இறக்கலாம். ஆனால் மெல்லிய குழாய் ஏசி காற்றுக்கும் வெளியே லாரி ஓடும் அதிர்வுக்கும் ஆடும், வட்டம் முழுவதும் ஆடும். தடித்த குழாயும் மேலே உறுதியான பிடியும் வேண்டும்.

நம்மூர்க் கடைகளில் எந்தக் கையேடும் பேசாத ஒரு தடை உண்டு, அது சீலிங் ஃபேன். மூன்று மீட்டரில் கேமரா, இரண்டு மீட்டர் தள்ளி ஃபேன், அதன் இறக்கை கேமராவுக்கு 40 சென்டிமீட்டர் கீழே. கேமராவிலிருந்து இறக்கையின் வழியாக ஒரு கோடு இழுத்தால், அது முக உயரத்துக்கு இறங்குவது 7 மீட்டர் தூரத்தில். அந்தத் திசையில் 7 மீட்டரை ஒட்டி இருக்கும் முகங்கள் சுழலும் இறக்கைக்குப் பின்னால் போய்விடும். அதோடு, அசைவு வந்தால் மட்டும் பதிவு செய் என்று அமைத்திருந்தால், ஃபேன் சுற்றுகிற வரை பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். ஃபேன் விழும் பகுதியை அசைவுக் கணக்கிலிருந்து நீக்கிவைக்க வேண்டும். முடிந்தால் கேமராவை இறக்கை மட்டத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். இருட்டில் பார்க்க அகச்சிவப்பு விளக்கு உள்ள கேமராவென்றால், பக்கத்தில் உத்தரமோ ஃபேனோ இருந்தால் அந்த ஒளி அதில் பட்டுத் திரும்பி, வட்டத்தின் ஒரு பக்கத்தை வெளுக்கவைக்கும்.

ரேக்குகள் மறைப்பதையும் கணக்கிட வேண்டும். 1.8 மீட்டர் உயர ரேக் ஒன்று கேமராவிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றால், அதற்குப் பின்னால் தரை மீண்டும் தெரியத் தொடங்குவது ஏழரை மீட்டரில்தான். இடையில் இருப்பவரின் தலை தெரியும், கை தெரியாது. பொருளை எடுத்துப் பைக்குள் போடுவதைப் பார்க்கத்தான் கேமரா என்றால், அடுத்த வரிசை முழுவதும் பயனற்றது. வரிசைகளுக்குக் குறுக்கே ஓடும் நடைபாதையின் மேல் கேமராவை வைத்தால் நிலைமை கொஞ்சம் தேறும். நேர் எதிரே இருக்கும் சந்து முழு நீளத்துக்கும் திறந்து தெரியும்.

மட்டமாக மாட்டுவதும் முக்கியம். விரிக்கும் கணக்கு கேமரா நேர்க்கீழே பார்ப்பதாக வைத்துக்கொள்கிறது. சரிந்த தகரக் கூரையில் அப்படியே திருகினால், கூரை 10 டிகிரி சரிந்திருந்தால் இரட்டைப் பட்டையில் அடிவானம் ஒரு பக்கம் 10 டிகிரி ஏறி மறுபக்கம் 10 டிகிரி இறங்கும், தூண்கள் சாயும். ஆப்பு போல ஒரு தகடு வைத்து மட்டப்படுத்துவதே சரி. மட்டமாக இருக்கிறதா என்று அறிய இரட்டைப் பட்டையில் சுவரும் சீலிங்கும் சேரும் கோட்டைப் பார்த்தால் போதும்.

சுவரில் மாட்டுவது வேறு கதை. அப்போது வட்டத்தின் மேல்பாதி பெரும்பாலும் சீலிங்கைப் பார்த்து வீணாகும். கீழ்ப்பாதியிலிருந்து 180 டிகிரிப் பட்டை ஒன்று கிடைக்கும். பிக்சல் பாதியாகிறது, ஆனால் முகங்கள் எதிரில் வருகின்றன. நீளமான, ஒடுங்கிய கடைக்கு இது பொருந்தும். அமைப்பில் சீலிங், சுவர், மேசை என்று தேர்வு இருக்கும். சுவரில் மாட்டிவிட்டு சீலிங் என்று விட்டுவைத்தால் படம் புரண்டும் திருகியும் வரும், லென்ஸ் கெட்டுவிட்டதோ என்று தோன்றும்.

துணிக்கடைகளில் உடை மாற்றும் அறையின் கதவும் மேல்திறப்பும் இந்த வட்டத்துக்குள் கட்டாயம் விழும், எல்லாப் பக்கமும் பார்க்கிற கேமராவுக்கு முதுகுப்பக்கம் என்று ஒன்று கிடையாது. மறைப்பைக் கேமராவிலேயே, வட்டப் படத்தின் மேலேயே போட வேண்டும். பார்க்கும் கணினியில் போட்ட மறைப்பு திரைக்கு மட்டும்தான். பதிவுக்குள் எல்லாம் இருக்கும்.

ஆகவே அந்த 12-க்கு 8 கடைக்கு என்ன செய்யலாம்? ஃபிஷ்ஐ ஒன்றை நடுவில், வரிசைகளுக்குக் குறுக்கான நடைபாதையின் மேல், ஃபேன் இறக்கைக்குக் கீழே வரும்படி மட்டமாக மாட்டலாம். பதிவு முழு வட்டமாக இருக்கட்டும். கல்லாத் திரையில் நான்கு கட்டம். வாசலுக்கு உள்ளே, வருகிறவர் முகம் பார்க்கும்படி, இரண்டேகால் மீட்டர் உயரத்தில் ஒரு 2 மெகாபிக்சல் கேமரா தனியாக. கல்லாவுக்கும் முடிந்தால் ஒன்று. இரண்டு மூன்று கேமராக்களின் கடிகாரமும் ஒரே நேரம் காட்டும்படி ரெக்கார்டரில் அமைத்துவிட்டால், வாசல் கேமராவில் 6 மணி 12 நிமிடத்துக்கு நுழைந்த முகத்தை, அதே நிமிடத்தில் வட்டத்தின் விளிம்பில் தோன்றும் சட்டை நிறத்தோடு சேர்த்து, அவர் வெளியே போகும் வரை பின்தொடரலாம்.